சொந்தபந்தம் என்று நான் எழுதிய வரி

அந்த ஃப்ளெக்ஸ் பேனரின் படம் என் கைப்பேசிக்குத்தான் முதலில் வந்தது. யார் அனுப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மல்லசமுத்திரத்தில் ஒரு மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனர், அதன் முன்னால் வரிசையாகச் சீர்த்தட்டுகள். பேனரின் நடுவில் பட்டுப்பாவாடையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண்பிள்ளை. இடது பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், கை கூப்பியபடி. கீழே பெரிய எழுத்தில் 'தாய்மாமன்' என்றும், அதற்கும் கீழே 'மக்காச்சோளம், தானியங்கள் மொத்த வியாபாரம்' என்றும், அதற்குப் பக்கத்தில் செல்போன் எண்ணும் இருந்தன. படத்தோடு ஒரு வரி வந்திருந்தது: 'கிஃப்ட் வாங்கக் கூடாதுன்னு கேட்ல போர்டு வெச்சிருக்கீங்களே சார், இதுக்குப் பேரு என்னங்க?'

கறுப்புக் கண்ணாடிக்காரரை எனக்குத் தெரியும். ஆத்தூர் பக்கமிருந்து எங்கள் மில்லுக்கு மக்காச்சோளம் அனுப்பும் புரோக்கர். பெண்பிள்ளையின் அப்பாவையும் தெரியும். எங்கள் மில் லேபின் சூப்பர்வைசர்.

நான் வேலை பார்ப்பது நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித்தீவன மில்லில், மனிதவளப் பிரிவில் உதவியாளராக. எங்கள் மில்லில் லேப் சூப்பர்வைசர் என்றால் சின்ன ஆள் இல்லை. லாரி உள்ளே வந்ததும் அவர்தான் குத்தூசியை மூட்டையில் செருகிச் சோளத்தை எடுத்து, ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் போடுவார். பதினாலு சதவீதத்துக்கு மேல் காட்டினால் லோடு திரும்பிப் போக வேண்டியதுதான். அவர் தலையாட்டினால் லாரி எடைமேடைக்குப் போகும், ஆட்டாவிட்டால் டிரைவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புரோக்கருக்குப் போன் போடுவார். அப்படிப்பட்டவர் வீட்டு விசேஷத்துக்கு அந்தச் சோளத்தை அனுப்புகிறவரே தாய்மாமனாக வந்து சீர் செய்திருக்கிறார். படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. அப்படியே எழுந்து போய் மேடத்திடம் காட்டினேன்.

மேடம் எங்கள் பிரிவின் மேலாளர். சேலத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டு, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டுகள், ஒரு சைக்கிள்.

"சைக்கிளெல்லாம் வெச்சிருக்காங்களே" என்றார். பிறகு, "நம்ம ரிஜிஸ்டர்ல இவர் ஏதாவது எழுதியிருக்காரா பாரு" என்றார்.

பார்த்தேன். சப்ளையரிடமிருந்து ஒரு டைரி வந்தாலும் எழுத வேண்டிய பதிவேடு அது. தீபாவளி இனிப்பு ஆபீசுக்குப் பொதுவாக வந்தது, பிரித்துக் கொடுத்தது என்று நான் எழுதிய வரிகள்தான் அதில் அதிகம். சூப்பர்வைசர் பெயரில் ஒன்றுமே இல்லை.

"விளக்கம் கேட்டு நோட்டீஸ் போடு" என்றார் மேடம்.

நான்தான் தட்டச்சு செய்தேன். அப்போது எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, சரியான வேலையைச் செய்கிறோம் என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் அவருடைய பதில் வந்தது. கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல நிதானமான கையெழுத்து. பாதிப் பக்கம்தான். 'கம்பெனி எனக்குக் கொடுத்த தமிழ் விதியின் ஆறாவது வரியில், சொந்தபந்தங்களுக்குள் செய்துகொள்ளும் சீர்முறைகளுக்கு இது பொருந்தாது என்று உள்ளது. எனக்குச் செய்தது சீர். ஆகவே நான் எழுதவில்லை.' ஆறாவது வரி என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு.

அந்த ஆறாவது வரியை எழுதியவன் நான்.

மேடம் தலை நிமிராமலேயே, "இப்படியா இருக்கு நம்ம பாலிசி?" என்று கேட்டார்.

சில மாதங்களுக்கு முன், எங்கள் தீவனத்தை வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று தணிக்கைக்கு வந்தபோது, அன்பளிப்பு, உபசரிப்பு, லஞ்சம் பற்றிய கொள்கை தொழிலாளருக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா என்று கேட்டது. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மேடம் என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழாக்கும் வேலை எனக்குக் கிடைத்ததை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அது என்ன வேலை என்று புரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்.

நான் சொன்னால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புரிய வேண்டும், அப்போதுதான் மூட்டை தூக்குகிறவருக்கும் புரியும் என்று வைத்துக்கொண்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, வாசித்துக் காட்டினேன். 'கம்பெனியோடு வியாபாரம் செய்கிறவர்களிடமிருந்து பணமோ பொருளோ விருந்தோ பெறக் கூடாது. மறுக்க முடியாமல் பெற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும்.' அம்மா உரிப்பதை நிறுத்தினார்.

"ஏஞ்சாமி, சீரு செஞ்சாலுமா எழுதிக் குடுக்கோணும்? அதெல்லாம் எழுதுனா ஒரு நோட்டு பத்துமா?"

"சீருக்கு இல்லீம்மா. குடும்பத்துக்குள்ள குடுக்கறதுக்கு இது கிடையாதுன்னு போட்டிருக்குது."

"குடும்பம்னா?"

குடும்பம் என்றால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றுதானே அம்மாவுக்கு அர்த்தம். சீர் கொண்டுவருவது அடுத்த வீட்டிலிருந்து, அடுத்த ஊரிலிருந்து. அதனால் குடும்பம் என்பதை அடித்துவிட்டுச் 'சொந்தபந்தம்' என்று எழுதினேன். பரிசு என்பதை அடித்துவிட்டுச் 'சீர்முறை' என்று எழுதினேன். அம்மா, "இப்பப் புரியுது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு மூட்டை அடுக்கும் ஷெட்டில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் கையெழுத்து வாங்கினோம். பாய்லர் ஆபரேட்டர் முன்வரிசையில் இருந்தார். அவரை மில்லில் எல்லோரும் 'பாய்லர் பாய்' என்பார்கள்.

"தம்பி, பக்ரீத்துக்கு எங்கூட்டுப் பிரியாணி ஆபீசுக்கு வருதே, அது லஞ்சத்துல சேருமா?"

"நீங்க சப்ளையர் இல்லீங்களே பாய்."

"அப்பச் சரி. ஆனா மேனேஜர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்புடறாரு, அதை எழுதிக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மாமன் சீருக்கு எப்படிங்க?" நானும் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சொந்தபந்தமுங்க, அதுக்குக் கெடையாது" என்றேன். யார் கேட்டது என்று திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ முறை அந்தக் குரலை மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். சூப்பர்வைசர் குரல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அவருடைய விளக்கம் ஏற்கப்படவில்லை. தற்காலிகப் பணிநீக்கம், பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக. குற்றப்பத்திரிகையில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, கம்பெனியோடு வியாபாரம் செய்பவரிடமிருந்து ஆதாயம் பெற்றது. இரண்டு, அவரோடு உள்ள தொடர்பைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் அவருடைய லோடுகளைச் சோதித்தது. நிரூபணமானால் வேலை போகும் என்று பொது மேலாளர் எல்லோர் காதிலும் விழும்படியே சொல்லியிருந்தார். பதினேழு வருட வேலை.

குற்றப்பத்திரிகை நகலை வாங்கக் கையெழுத்துப் போட வந்தவரோடு வாசல் பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லீங்க தம்பி. அவ ஊருக்காரரு அவரு. பக்கத்து ஊடு. சின்னதுல இருந்து அண்ணன் அண்ணன்னுதான் கூப்புடுவா. தெரட்டிக்கு மாமன் இல்லாம எம்புள்ளய எப்படிங்க உக்கார வெக்கறது? ஊரு என்ன பேசும்?" பெண்பிள்ளை பெரியவளாகும் சடங்கை எங்கள் பக்கம் தெரட்டி என்போம். மாமன் பட்டு வராமல் அது நடக்காது.

"அவரு இங்க சப்ளை பண்ண ஆரம்பிச்சது எப்பங்க?"

"நாலு வருசம் இருக்கும். நாங் கூட்டியாறல. பர்ச்சேஸ்ல அவங்களாத்தான் போட்டாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

"அப்பச் சொந்தக்காரரு சப்ளை பண்றாருன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாமில்லீங்க? சப்ளையர்ல சொந்தக்காரங்க உண்டான்னு வருசா வருசம் ஒரு ஃபாரம் குடுத்துக் கையெழுத்து வாங்கறோமே."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எழுதலாம்னுதான் பேனாவ எடுத்தேன் தம்பி. சொந்தம்னு எழுதுனா, ரத்த சொந்தம் இல்லியே, பொய்யாயிருமேன்னு விட்டுட்டேன்."

நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். சீர் வாங்கும்போது சொந்தம், ஃபாரம் எழுதும்போது சொந்தமில்லை. ஏமாற்றுகிறவர் பேசுவதுபோலவும் இருந்தது. பொய் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தவர் பேசுவதுபோலவும் இருந்தது. லேபின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். சடங்குக்குப் பிறகு அந்தப் புரோக்கரின் லோடுகள் இரண்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். நிம்மதியாக இருந்தது. அடுத்த பக்கத்தில், ஒரு லோடு முதல் தடவை பதினாலுக்கு மேல் காட்டி, மறு சோதனையில் கீழே வந்து, உள்ளே போயிருந்தது. மறு சோதனைக்கு விதியில் இடமுண்டு, மற்றவர்கள் லோடுகளுக்கும் செய்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் மூடவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், சாட்சி சொல்ல வேண்டுமே என்று ஆங்கில மூலத்தையும் என் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆறாவது வரிக்கு வந்ததும் விரலை வைத்து மறுபடியும் படித்தேன். மூலத்தில், குடும்பத்தினர் வழக்கமாகக் கொடுத்துக்கொள்ளும் பரிசுகளுக்கு விலக்கு என்பதோடு, 'வியாபாரத் தொடர்பு இல்லாதபோது' என்று ஒரு துண்டு இருந்தது. என் தமிழில் அது இல்லை. ஏன் விட்டேன் என்று நினைவுக்கு வந்தது. வரி நீண்டுபோயிற்று, அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று வெட்டினேன். சொந்தக்காரர்கள் கம்பெனியோடு வியாபாரம் செய்வார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என் சொந்தக்காரர்கள் யாரும் எந்தக் கம்பெனியோடும் வியாபாரம் செய்ததில்லை. எல்லோரும் கூலிக்குத்தான் போனார்கள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கேட்டா சொல்லு. பொய் சொல்லாதே. கேக்காட்டி நீயா எடுத்துக்கிட்டு நிக்காதே. நீ இன்னும் கன்ஃபர்ம் ஆகலைங்கறதை ஞாபகம் வெச்சுக்க."

அது எச்சரிக்கையா, அக்கறையா என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணை அதிகாரியாக சேலத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கம்பெனித் தரப்பில் மேடம். சூப்பர்வைசர் தனக்குத் துணையாகச் சக தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி. அவர் பாய்லர் பாயை வைத்துக்கொண்டார். முதலில் புரோக்கரைக் கேட்டார்கள். கம்பெனி கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை, ஆனாலும் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகியிருந்தார்.

"சீர் செஞ்சது எதுக்காக?" என்றார் வக்கீல்.

"தங்கச்சி பொண்ணுக்கு மாமன் எதுக்காகச் செய்வான் சார்? இது என்னா கேள்வி?"

"உடன்பிறந்த தங்கச்சியா?"

"கூடப் பொறக்கலை. அதனால என்னா?"

"பேனர்ல உங்க வியாபாரத்தையும் போன் நம்பரையும் போட்டிருக்கீங்களே?"

புரோக்கர் இங்கேதான் கொஞ்சம் தடுமாறினார். "அது ஃப்ளெக்ஸ் கடைக்காரன் போட்டது சார். என் போட்டோ அதுல இருக்குதேன்னு விசிட்டிங் கார்டைக் குடுத்தேன். அதுல இருந்ததையெல்லாம் ஏத்திட்டான்."

பாய் குனிந்து சிரிப்பை அடக்கினார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

அடுத்து நான். மேடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கொள்கையை விளக்கினோமா, விளக்கினோம். கையெழுத்து வாங்கினோமா, வாங்கினோம். பிறகு பாய் எழுந்தார். குறுக்கு விசாரணை என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்க சார், அன்னைக்கு ஷெட்டுல மாமன் சீருக்கு எப்படின்னு ஒருத்தர் கேட்டாருங்களா?"

பாய் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுக்குக் கெடையாதுன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானுங்க" என்று பாய் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் தெரியாது. வக்கீல் எழுதி முடித்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். மேடம் தன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் ஜன்னல் வழியாக லாரி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய் அவிழ்த்த லாரி, சோதனைக்குக் காத்திருந்தது.

"சொல்லணுங்க" என்றேன். "ஆங்கிலத்துல இருக்கற ஒரு துண்டு தமிழ்ல இல்லை. நான்தான் விட்டுட்டேன். அவரு கையெழுத்துப் போட்டது தமிழ்லதான்."

சொல்லி முடித்ததும் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நல்லது செய்தேனா, கம்பெனியைக் காட்டிக்கொடுத்தேனா, தவறு செய்த ஒருவரைத் தப்ப விட்டேனா என்று அந்த நாற்காலியிலிருந்து எழும்போதே ஆரம்பித்துவிட்டது.

அறிக்கை வர மூன்று வாரம் ஆயிற்று. முதல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று வக்கீல் எழுதியிருந்தார். தொழிலாளிக்குக் கொடுத்த தமிழ் விதி அவருக்கு விலக்கு அளிக்கிறது, விளக்கக் கூட்டத்திலும் அப்படியே சொல்லப்பட்டிருக்கிறது, கம்பெனியின் பிழைக்கு அவரைத் தண்டிக்க முடியாது. இரண்டாவது குற்றச்சாட்டு நிரூபணமானது. அதற்கு அவர் எழுதிய காரணம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: 'சொந்தம் என்றால் அதை முன்பே தெரிவித்திருக்க வேண்டும். சொந்தமில்லை என்றால் சீர் வாங்கியிருக்கக் கூடாது.' படிக்கும்போது அதில் ஓட்டையே தெரியவில்லை. ஆனால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தது இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஓர் இடத்தில். அந்த இடம் இருக்கிறதென்று எனக்கும் தெரியும், என் அம்மாவுக்கும் தெரியும்.

அறிக்கையின் நகலைக் கொடுத்து அவருடைய பதிலையும் வாங்கிய பிறகு, பொது மேலாளர் உத்தரவு போட்டார். வேலை போகவில்லை. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். லேபிலிருந்து மூட்டை தைக்கும் பிரிவுக்கு மாற்றம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். பணி உறுதியாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. கடிதத்தைக் கொடுக்கும்போது மேடம், "தமிழ் நல்லா எழுதற. கொஞ்சம் கம்மியா எழுது" என்றார்.

புரோக்கரின் லோடுகள் இப்போதும் வருகின்றன. லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் குத்தூசி போடுகிறார். அந்த லாரி வரும்போது சூப்பர்வைசர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு மீட்டர் இருக்கும் பக்கம் பார்ப்பதை நான் ஒருமுறை பார்த்தேன். ஈரப்பதம் தெரிந்துகொள்ளவோ வேறு எதற்கோ, நான் கேட்கவில்லை.

ஆறாவது வரியைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். இந்தத் தடவை அம்மாவிடம் வாசித்துக் காட்டவில்லை. சொந்தபந்தத்தை அடித்துவிட்டு 'இரத்த உறவினர்' என்று எழுதினேன். வியாபாரத் தொடர்பு பற்றிய துண்டையும் விடாமல் சேர்த்தேன். மேடம் பார்த்தார், வக்கீல் பார்த்தார், பொது மேலாளர் கையெழுத்துப் போட்டார். மறுபடியும் அதே ஷெட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் நாலாவது வரிசையில் இருந்தார். சட்டையெல்லாம் தீவனத் தூசி. நான் வாசித்து முடித்து, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன்.

அவர் கையைத் தூக்கினார். இந்தத் தடவை குரல் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"இரத்த உறவுன்னா, எம் பொண்டாட்டி எனக்கு இரத்த உறவுங்களா சார்?"

ஷெட்டே சிரித்தது. பாய், "ஊட்டுல போயிக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"கையெழுத்து இப்ப வேண்டாங்க" என்றேன். "நாளைக்கு வாங்கிக்கலாம்."

அந்தத் தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. இரத்த உறவினர் என்பதை அடித்திருக்கிறேன். மேலே என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.